இருட்டினால் ரீபூட் ஆகும் கேமராக்கள்: பிஓஇ பட்ஜெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

### 16 போர்ட் ஸ்விட்ச்ல 15 சாதனம்தான் மாட்டியிருக்கேன். பகல்ல ஒரு தொந்தரவும் இல்லை, சாயங்காலம் ஆனா ரீபூட் ஆக ஆரம்பிக்குது. ஏன்?

போர்ட் காலியாக இருப்பதும் மின்சாரம் மிச்சம் இருப்பதும் ஒன்றல்ல. நெட்வொர்க் கேபிள் வழியாகவே ஸ்விட்ச் சாதனத்துக்கு மின்சாரமும் தருவதுதான் பிஓஇ. அப்படி எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை வாட் தர முடியும் என்பதுதான் பிஓஇ பட்ஜெட். அந்த மொத்தத்திலிருந்து கேமரா பகலில் கொஞ்சம் எடுக்கும். இருட்டியதும், இருளில் படம் தெரிய உதவும் ஐஆர் எல்இடிகள் எரியத் தொடங்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடுக்கும். நாமோ வேலையைப் பகலில் முடித்து, பகலிலேயே ஓட்டிக் காட்டி, பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே 16 போர்ட் ஸ்விட்ச், பட்ஜெட் 150 வாட். அதில் 10 புல்லட் கேமரா, மோட்டாரில் சுழலும் 2 பிடிஇசட் கேமரா, வைஃபை தரும் 3 ஆக்சஸ் பாயின்ட். மேனேஜரின் புகார் விசித்திரமாக இருந்தது: "ரிசப்ஷன் இருக்கிற அன்னிக்கு மட்டும்தான் சார், டைனிங் ஹால்ல வைஃபை போய்ப் போய் வருது. மத்த நாள்ல நல்லாத்தான் இருக்கு." முதலில் வைஃபையில் கூட்டம் அதிகம் என்றுதான் நானும் நினைத்தேன், சேனல் மாற்றிப் பார்த்து ஒரு நாளை வீணாக்கினேன்.

பிறகு பிரவுசரில் ஸ்விட்சின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு போர்ட்டும் எடுக்கும் வாட்டைக் கூட்டினேன். பகலில் புல்லட் கேமரா ஒன்று 4 வாட், பிடிஇசட் 9, ஆக்சஸ் பாயின்ட் 8. மொத்தம் 40 + 18 + 24 = 82 வாட். பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். ராத்திரி, மண்டபம் காலியாக இருக்கும்போது புல்லட் 8 வாட், பிடிஇசட் 17, ஆக்சஸ் பாயின்ட் அதே 8. மொத்தம் 80 + 34 + 24 = 138. இதுவும் 150-க்குள் அடங்குகிறது. ரிசப்ஷன் மாலையில்தான் ஐஆரும் எரிகிறது, நூற்றுக்கணக்கான போன்களும் வைஃபையில் ஏறுகின்றன. ஆக்சஸ் பாயின்ட் 14 வாட்டுக்குப் போகிறது. 80 + 34 + 42 = 156.

ஆறே வாட். அந்த ஆறு வாட்டுக்காக டைனிங் ஹால் ஆக்சஸ் பாயின்ட் ஒரு சீசன் முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறது.

### பட்ஜெட் தாண்டினா அணைஞ்சே போகணும்தானே? ஏன் திரும்பத் திரும்ப ஆன் ஆகுது?

மொத்தம் 150-ஐத் தாண்டியதும் ஸ்விட்ச் ஒரு போர்ட்டின் மின்சாரத்தை வெட்டுகிறது. நம் கதையில் அது 15-ஆம் போர்ட்டில் இருந்த ஆக்சஸ் பாயின்ட். அது 14 வாட்டை விட்டுவிட்டதால் மொத்தம் 142-க்கு இறங்குகிறது. இப்போது இடம் இருக்கிறதே என்று ஸ்விட்ச் மறுபடி மின்சாரம் தருகிறது. பூட் ஆகும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு வாடிக்கையாளர் யாரும் இல்லை, ஏழெட்டு வாட்தான் எடுக்கிறது. மொத்தம் 150-க்குள்ளேயே நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் அது எழுந்து வைஃபை பெயரை ஒளிபரப்ப, சாப்பிட உட்கார்ந்தவர்களின் போன்கள் எல்லாம் ஒன்றாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. மீண்டும் 14 வாட், மீண்டும் 156, மீண்டும் வெட்டு.

கேமராவிலும் இதே சுற்றுதான். பூட் ஆகும்வரை ஐஆர் எரியாது. படம் வந்து, இருட்டு என்று புரிந்து, ஐஆரைப் போட்ட அடுத்த நொடியில் விழும். ரெக்கார்டரில் இந்தக் கேமராவின் பதிவு ஒவ்வொன்றும் ஒரு நிமிடத் துண்டாக, ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் படம் கருப்பு வெள்ளைக்கு மாறும் இடத்தில் அறுந்திருந்தால் வேறு ஆதாரம் தேவையில்லை.

### எந்தப் போர்ட்டை வெட்டணும்னு ஸ்விட்ச் எப்படி முடிவு பண்ணுது?

போர்ட் முன்னுரிமையை வைத்து. பல ஸ்விட்சுகளின் பிஓஇ பக்கத்தில் `Critical`, `High`, `Low` என்று ஒவ்வொரு போர்ட்டுக்கும் தேர்வு இருக்கும். வாங்கியபடியே விட்டால் எல்லாப் போர்ட்டும் ஒரே நிலையில் இருக்கும். அப்போது பெரும்பாலான ஸ்விட்சுகள் சிறிய எண் உள்ள போர்ட்டைக் காப்பாற்றி, பெரிய எண் உள்ளதை வெட்டும். அதனால்தான் பட்ஜெட் பிரச்சினை எப்போதும் கடைசிப் போர்ட்டுகளில் தலைகாட்டுகிறது. அதில் இருப்பதோ நாம் கடைசியாக மாட்டிய சாதனம். "புதுசா போட்ட கேமரா சரியில்லை" என்று அதைக் கழற்றி மாற்றுகிறார்கள், புதியதும் ரீபூட் ஆகிறது. பாவம், அந்தக் கேமராவின் மேல் ஒரு தப்பும் இல்லை.

முன்னுரிமையைச் சரியாக வைத்தால் பிரச்சினை தீராது. எது விழ வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், அவ்வளவே. கல்லாப் பெட்டியைப் பார்க்கும் கேமராவும் நுழைவாயில் கேமராவும் விழக்கூடாது என்றால் அவற்றை `Critical` ஆக்கிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

### பட்ஜெட்டா, கேபிளா, கேமராவே கெட்டதான்னு சீக்கிரமா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் அது உண்மையிலேயே ரீபூட்தானா என்று பாருங்கள். ரெக்கார்டரில் படம் போனால் அது நெட்வொர்க் அறுந்ததாகவும் இருக்கலாம். கேமராவின் சொந்தப் பக்கத்தில் உள்ள லாகில் மின்சாரம் வந்த நேரம் பதிவாகியிருக்கும். ஆக்சஸ் பாயின்ட்டில் `uptime` பார்க்கலாம். மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று அது சொன்னால் பட்ஜெட்டைக் குடைந்து பயனில்லை.

ரீபூட்தான் என்று உறுதியானால், யார் யார் சேர்ந்து விழுகிறார்கள் என்பதே பாதி விடை. எல்லாச் சாதனமும் ஒரே நொடியில் விழுந்தால் ஸ்விட்சுக்கே மின்சாரம் போயிருக்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் அந்தச் சின்ன இடைவெளியை ஸ்விட்ச் தாங்கவில்லை, அல்லது அதன் அடாப்டர் தளர்ந்துவிட்டது. பெரிய எண் போர்ட்டுகள் மட்டும், அதுவும் இருட்டிய பிறகு விழுந்தால் பட்ஜெட். எந்தப் போர்ட்டுக்கு மாற்றினாலும் ஒரே ஒரு கேமரா மட்டும் விழுந்துகொண்டே இருந்தால், அதன் கேபிளையும் அதையும் சந்தேகப்படுங்கள். இரண்டில் எது என்று அறிய, அந்தக் கேமராவைக் கழற்றி வந்து ஸ்விட்ச் பக்கத்திலேயே ஒரு மீட்டர் பேட்ச் கார்டில் மாட்டி, ஐஆரை எரியவிடுங்கள். அங்கே நின்று ஓடினால் குற்றவாளி கேபிள்.

### ராத்திரி வரைக்கும் காத்திருக்காமல் சோதிக்க வழி உண்டா?

உண்டு, இதைச் செய்யாமல் நான் இப்போது வேலையை ஒப்படைப்பதில்லை. கேமரா அமைப்பில் `Day/Night` என்று ஒரு தேர்வு இருக்கும். அது `Auto`-வில் இருக்கும். எல்லாக் கேமராவையும் `Night`-க்கு மாற்றிவிட்டு, ஐஆர் எரிகிறதா என்று போன் கேமரா வழியாகப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பல போன்களின் திரையில் மங்கலான ஊதா நிறத்தில் தெரியும். பிடிஇசட் இருந்தால் அதைச் சுழலவிடுங்கள். ஆக்சஸ் பாயின்ட் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று போனில் பெரிய ஃபைல் ஏதாவது இறங்கவிடுங்கள். இத்தனையும் ஓடும்போது ஸ்விட்சில் மொத்த வாட்டைப் பாருங்கள். அந்த எண்தான் உங்கள் எண். முடிந்ததும் `Auto`-வுக்கு மாற்ற மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்தேன், மறுநாள் முழுக்கக் கருப்பு வெள்ளைப் படம்.

பக்கம் எதுவும் இல்லாத சாதா ஸ்விட்ச் என்றால் வாட்டை அங்கே பார்க்க முடியாது. கேபிளுக்கு நடுவில் மாட்டி வாட் காட்டும் பிஓஇ டெஸ்டர் கடையில் கிடைக்கிறது. ஒவ்வொரு வகைக் கேமராவிலும் ஒன்றை அளந்து எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். சில சாதா ஸ்விட்சுகளின் முகப்பில் `PoE Max` என்று ஒரு விளக்கு உண்டு. பட்ஜெட் விளிம்பை நெருங்கும்போது அது எரியும். சாயங்காலம் ஏழு மணிக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாலே பல சமயம் நாம் போகவே வேண்டாம்.

### ஸ்விட்ச் பெட்டியில "ஒரு போர்ட்டுக்கு 30 வாட்"னு போட்டிருக்கே. 16 போர்ட்டுக்கு 480 வாட் வரணுமே?

வராது. 30 வாட் என்பது ஏதாவது ஒரு போர்ட் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கலாம் என்ற எல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் சிறிய மின்வழங்கியை உள்ளே வைத்து விலையைக் குறைக்கிறார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது போர்ட் எல்லை. பட்ஜெட் எண் விவரத்தாளின் நடுவில் எங்கோ சிறிய எழுத்தில் இருக்கும். வாங்கும் முன் அந்த ஒரு வரியைத் தேடுங்கள்.

### ஸ்விட்ச் 15.4 வாட்னு சொல்லுது, கேமரா விவரத்தாள் 12.95னு சொல்லுது. எது சரி?

இரண்டுமே. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஸ்விட்ச் முனையில் 15.4 வாட், சாதனத்தின் முனையில் 12.95. நடுவில் காணாமல் போகும் 2.45 வாட் கேபிளைச் சூடாக்கப் போகிறது. மிக மோசமான நிலைக்கு 44 வோல்ட், 0.35 ஆம்பியர், 20 ஓம் கேபிள் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்:

```
44 × 0.35 = 15.4
0.35 × 0.35 × 20 = 2.45
15.4 − 2.45 = 12.95
```

2009-இல் வந்த 802.3ஏடி தரத்தில் இதே முறையில் 30-ம் 25.5-ம். பட்ஜெட் எப்போதும் ஸ்விட்ச் முனையில்தான் எண்ணப்படுகிறது. ஆகவே கேமராத் தாளில் 8 வாட் என்றிருந்தால் நீளமான கேபிளில் பட்ஜெட்டிலிருந்து 8-ஐ விடச் சற்று அதிகமாகக் கழியும்.

### எங்க ஸ்விட்ச்ல மொத்தம் பாதி வாட் கூட ஓடலை. ஆனாலும் புதுக் கேமராவுக்கு மின்சாரம் தர மாட்டேங்குது. ஏன்?

அது ஓடும் வாட்டை எண்ணவில்லை, வகுப்பை எண்ணுகிறது. மின்சாரம் தரும் முன் ஸ்விட்ச் சாதனத்திடம் "நீ எந்த வகுப்பு?" என்று கேட்கும். 1-ஆம் வகுப்புக்கு 4 வாட், 2-ஆம் வகுப்புக்கு 7, 3-ஆம் வகுப்புக்கு 15.4, 4-ஆம் வகுப்புக்கு 30 என்று ஒதுக்கி வைக்கும். வகுப்பு சொல்லாத சாதனம் 0-ஆம் வகுப்பு, அதற்கும் 15.4. மலிவான கேமராக்கள் பலவும் இப்படி வாய் திறக்காதவை. 4 வாட் எடுக்கும் கேமரா 15.4 வாட்டுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கும்.

நம் மண்டபத்தையே இந்த முறையில் போட்டுப் பாருங்கள். 10 புல்லட்டுக்கு 154, பிடிஇசட்டும் ஆக்சஸ் பாயின்ட்டும் 4-ஆம் வகுப்பு என்பதால் 5-க்கு 150, ஆக 304 வாட். 150 வாட் ஸ்விட்ச் பாதிச் சாதனங்களுக்கு முதல் நாளே கையை விரித்திருக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கண்டிப்பால் ரிசப்ஷன் நேரத்து ரீபூட் வந்திருக்காது. அந்த ஸ்விட்ச் அளந்த வாட்டை நம்பும் வகை, அதனால் பகலில் எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டு ராத்திரியில் ஒருவரை வெளியே தள்ளியது. சில ஸ்விட்சுகளில் இந்த இரண்டு முறைகளுக்கும் இடையே மாற்றலாம். அளக்கும் முறைக்கு மாற்றினால், முன்பு சொன்ன ராத்திரிச் சோதனையைச் செய்த பிறகே மாற்றுங்கள்.

### சிஸ்கோ ஸ்விட்ச்ல எங்கே பார்க்கிறது?

```
show power inline
show logging | include ILPOWER
```

முதல் கட்டளை மொத்தம், ஒதுக்கியது, மிச்சம் மூன்றையும் காட்டும். `Power` பத்தியில் இருப்பது ஒதுக்கிய வாட், சாதனம் அந்த நொடியில் எடுப்பது அல்ல. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். லாகில் `ILPOWER_POWER_DENY` என்று இருந்தால் பட்ஜெட் இல்லை என்று மறுத்திருக்கிறது. `Imax error` என்று இருந்தால் கதை வேறு: அந்த ஒரு சாதனம் தன் போர்ட்டின் எல்லையைத் தாண்டி மின்னோட்டம் இழுத்திருக்கிறது, கேபிளில் தண்ணீரோ உள்ளே ஷார்ட்டோ இருக்கலாம். மைக்ரோடிக் என்றால்:

```
/interface ethernet poe monitor ether5
```

போர்ட் எண்ணை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். அது வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் காட்டும் மாடலாக இருந்தால் அடுத்த கேள்விக்கு உதவும்.

### பட்ஜெட் தாராளமா இருக்கு. ஆனா கேட்ல இருக்கிற பிடிஇசட் மட்டும் ராத்திரி விழுது. கேபிள் 90 மீட்டர், 100-க்குள்ளதானே?

நீளம் சரி. உள்ளே இருப்பது செம்பா என்பதே கேள்வி. விலை குறைந்த கேபிள்களில் அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சுதான் இருக்கும். அதன் மின்தடை செம்பைவிடப் பாதிக்கு மேல் கூடுதல். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், இரண்டு மூன்று முறை மடக்கினால் முறிந்துவிடும்.

போக வர 15 ஓம் என்று வைத்துக்கொள்வோம், ஸ்விட்சில் 50 வோல்ட், பிடிஇசட் 17 வாட். மின்னோட்டம் சுமார் 0.38 ஆம்பியர். கேபிளில் ஏறக்குறைய 6 வோல்ட் இறங்கி கேமராவுக்கு 44 போய்ச் சேரும். ஏடி தரத்தில் சாதனத்துக்குக் கிடைக்க வேண்டிய குறைந்தபட்சம் 42.5 வோல்ட். ஆக மயிரிழையில் பிழைக்கிறது. இப்போது கேட் தூணில் நாடா சுற்றிய ஒரு ஜாயின்ட் இருக்கிறது, மழையில் பச்சை பூத்து 10 ஓம் கூடுகிறது என்று வையுங்கள். வோல்ட் குறைந்தாலும் கேமராவுக்கு அதே 17 வாட் வேண்டும், ஆகவே அது இன்னும் அதிக மின்னோட்டம் இழுக்கும், அதனால் இன்னும் வோல்ட் இறங்கும். கணக்கு 0.43 ஆம்பியரில் வந்து நிற்கிறது, கேமராவுக்கு 39 வோல்ட். மோட்டார் சுழன்று ஐஆரும் எரியும் நொடியில் கேமரா படுத்துவிடும். அந்த ஜாயின்ட்டில் மட்டும் கிட்டத்தட்ட 2 வாட் சூடாகிறது. பிரித்துப் பார்த்தால் பின் கருத்திருக்கும்.

பகலில் 9 வாட்தான் என்பதால் இதே கேபிள் பகலில் ஓடிவிடும். வெளியே இருந்து பார்க்கும்போது பட்ஜெட் பிரச்சினை போலவே இருப்பதால்தான் போர்ட்டை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். `Extend` சுவிட்சைத் தள்ளினால் 250 மீட்டர் போகும் என்று விற்கும் ஸ்விட்சுகளும் தரவு வேகத்தைக் குறைத்துத்தான் தூரத்தைக் கூட்டுகின்றன. கம்பியின் மின்தடையை அந்தச் சுவிட்ச் ஒன்றும் செய்யாது.

### ரீபூட் ஆகலை, ஆனா புது வைஃபை 6 ஆக்சஸ் பாயின்ட் மெதுவா இருக்கு. இதுவும் பிஓஇ-யா?

இருக்கலாம். 30 வாட் எதிர்பார்க்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 15.4 மட்டும் கிடைத்தால், பல மாடல்கள் அணையாமல் ரேடியோ சிலவற்றை நிறுத்தியோ சக்தியைக் குறைத்தோ ஓடும். அதன் பக்கத்தில் மின்சாரம் போதவில்லை என்று எச்சரிக்கை இருக்கும். ஸ்விட்ச் ஏடி தரமாக இருந்தும் இப்படி வந்தால் ஸ்விட்சும் சாதனமும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எல்எல்டிபி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில ஜோடிகளில் கூடுதல் வாட்டை அதன் வழியாகத்தான் கேட்டு வாங்குகின்றன.

### கேமரா தாறுமாறான நேரத்துல ரீபூட் ஆகுது. பகல், ராத்திரி கணக்கே இல்லை.

ஸ்விட்சில் `PD Alive` அல்லது அதுபோன்ற பெயரில் ஒரு வசதி இருக்கிறதா பாருங்கள். சாதனத்துக்கு பிங் அனுப்பி, பதில் வராவிட்டால் மின்சாரத்தை வெட்டித் திரும்பத் தரும். தொங்கிப்போன கேமராவை எழுப்ப நல்ல வசதிதான். ஆனால் கேமராவின் ஐபி மாறிவிட்டாலோ, அது பிங்குக்குப் பதில் சொல்லாத அமைப்பில் இருந்தாலோ, நன்றாக ஓடும் கேமராவைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கும். கேமராவிலேயே வாராந்திர தானியங்கி ரீபூட் போட்டிருக்கிறார்களா என்பதையும் ஒரு கண் பாருங்கள்.

### பெரிய ஸ்விட்ச் வாங்கக் காசு இல்லை. வேற வழி?

மண்டபத்திலும் சீசன் முடியும்வரை புது ஸ்விட்ச் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஹாலுக்குள் இருந்த 4 கேமராக்களுக்கு ஐஆரே தேவையில்லை. விழா நேரத்தில் அங்கே பகல்போல வெளிச்சம். ஆனாலும் அலங்கார விளக்குகளை மங்கவைக்கும்போதெல்லாம் அவை இருட்டு என்று நினைத்து ஐஆரைப் போட்டுக்கொண்டிருந்தன. அதை அணைத்ததில் 16 வாட் மிச்சம், மொத்தம் 140. இதோடு நின்றிருந்தால் பத்து வாட்தான் இடைவெளி, அது எனக்குப் போதவில்லை. டைனிங் ஹால் ஆக்சஸ் பாயின்ட்டை ஸ்விட்சிலிருந்து எடுத்து, கேபிளில் தனியாக மின்சாரம் ஏற்றும் 30 வாட் இன்ஜெக்டர் ஒன்றில் போட்டேன். இன்ஜெக்டருக்கும் யூபிஎஸ் இணைப்பிலேயே பிளக் கொடுத்தேன், இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது அது மட்டும் விழும். மொத்தம் 126 வாட்டுக்கு வந்தது.

அடாப்டரில் ஓடும் 8 போர்ட் ஸ்விட்சாக இருந்தால், அதிக வாட் அடாப்டர் வாங்கி மாட்டிப் பட்ஜெட்டைக் கூட்டலாம் என்று கேட்பார்கள். ஸ்விட்ச் எத்தனை வாட்டுக்கு மேல் தரக்கூடாது என்பது பெரும்பாலும் அதன் உள்ளேயே வரையறுக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் கையேட்டில் அந்த அடாப்டரைக் குறிப்பிட்டிருந்தால் மட்டும் செய்யுங்கள். பழைய அடாப்டர் வெயிலில் இருக்கும் பெட்டிக்குள் வெந்து பலம் இழந்திருந்தால், அதே அளவில் புதியது மாட்டுவதே மருந்து.

### புதுசா ஒரு இடத்துக்கு ஸ்விட்ச் வாங்கணும். எவ்வளவு வாட் வாங்குறது?

விவரத்தாளில் ஐஆர் எரியும்போது எவ்வளவு என்று இருக்கும் அதிகபட்ச வாட்டை எல்லாச் சாதனத்துக்கும் கூட்டுங்கள், அதோடு கால் பங்கு சேருங்கள். மண்டபத்துக்கு 156-உடன் 39 சேர்த்து 195. சந்தையில் அதற்கு அடுத்து எது கிடைக்கிறதோ அது. சீசன் முடிந்ததும் அவர்கள் வாங்கியது 250 வாட் ஸ்விட்ச். மாட்டிய அன்றே பார்க்கிங்கில் இன்னும் இரண்டு கேமரா வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். கேபிளை இழுத்துவிட்டு, எல்லாக் கேமராவையும் `Night`-க்கு மாற்றி வைத்து அவரையே எண்ணைப் படிக்கச் சொன்னேன்.